பன்னிரண்டு பீட்ரூட் வில்லைகளும் ஒரு வித்தியாசமும்

பீட்ரூட் நறுக்கினால் கை சிவக்கிறது. அந்தச் சாயத்தின் பெயர் பீட்டாலெயின். செல்லுக்குள்ளே வாக்குவோல் என்ற பையில் அது அடைபட்டிருக்கிறது. அது வெளியே வர இரண்டு சவ்வுகளைத் தாண்ட வேண்டும். ஒன்று வாக்குவோலைச் சுற்றியிருப்பது, மற்றது செல்லையே சுற்றியிருப்பது. கத்தி பட்டால் இரண்டும் கிழிந்துவிடும். கத்தி படாத செல்களில் சவ்வு நன்றாக இருக்கும்வரை சாயம் உள்ளேயே கிடக்கும். சவ்வைச் சூடாக்கினால் அதன் கொழுப்பு அடுக்கு இளகும். இன்னும் சூடேற்றினால் அதில் பதிந்திருக்கும் புரதங்கள் உருக்குலையும், சாயம் கசியும்.

பள்ளி ஆய்வகத்துக்கு இதைவிட வசதியான சோதனை கிடைப்பது அரிது. பிரிட்டனின் ஏ-லெவல் உயிரியலில் இது நெடுங்காலமாக நடக்கிறது. கார்க் போரரால் பீட்ரூட்டைத் துளைத்து உருளையாக எடுத்து, ஒரே தடிமனில் வில்லைகளாக வெட்டுவார்கள். வெட்டுப்பட்ட செல்களின் சாயம் போகும்வரை வில்லைகளைக் கழுவுவார்கள். பிறகு ஒவ்வொரு வில்லையையும் ஒரே அளவு காய்ச்சி வடித்த நீருள்ள குழாயில் போட்டு, குறிப்பிட்ட வெப்பநிலையில் குறிப்பிட்ட நேரம் வைப்பார்கள். நேரம் முடிந்ததும் வில்லையை எடுத்துவிட்டு, நீர் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று கலரிமீட்டரில் அளப்பார்கள். சிவப்புக் கரைசல் பச்சை ஒளியைத்தான் அதிகம் விழுங்கும் என்பதால் பச்சை வடிகட்டி போடுவார்கள். கருவி காட்டும் ஒளி உறிஞ்சல் கூடக் கூட, கசிந்த சாயமும் கூடுதல் என்று பொருள்.

20 டிகிரியையும் 70 டிகிரியையும் ஒப்பிட்டால் கருவியே தேவையில்லை. ஒரு குழாய் வெளிர் ரோஜா நிறத்திலும் மற்றது அடர் சிவப்பிலும் நிற்கும். அங்கே புள்ளியியல் பேசுவது வெட்டிவேலை. சிக்கல் நடுவில்தான் இருக்கிறது. 40 டிகிரியில் சராசரி 0.16, 50 டிகிரியில் 0.21 என்று வந்தால் என்ன சொல்வது? சவ்வு கொஞ்சம் தளர்ந்துவிட்டது என்பதா, வில்லைக்கு வில்லை எப்போதும் இருக்கும் ஏற்ற இறக்கம்தான் இது என்பதா?

இதற்கு விடை தேட, ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஆறு வில்லைகள் வைத்த ஒரு சோதனையைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் எழுதிக்கொண்டவை. தசமப் புள்ளி கண்ணைக் குழப்பாதிருக்க எல்லாவற்றையும் நூறால் பெருக்கியிருக்கிறேன்.

40 டிகிரி: 14, 18, 11, 16, 20, 17
50 டிகிரி: 18, 24, 17, 21, 26, 20

முதல் வரிசையின் சராசரி 16, இரண்டாவதன் சராசரி 21. மாணவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிட்டு, "வெப்பம் கூடியதால் கசிவு கூடியது" என்று முடிவுரை எழுதிவிடுவார்கள். எண்களை ஒரு முறை மேலும் கீழும் பாருங்கள். 40 டிகிரியில் ஒரு வில்லை 20 காட்டியிருக்கிறது. 50 டிகிரியில் ஒன்று 17-தான் காட்டியிருக்கிறது. அந்த இரண்டு வில்லைகள் மட்டும் நம் கையில் கிடைத்திருந்தால், வெப்பம் கூடினால் கசிவு குறைகிறது என்றே எழுதியிருப்போம். ஆகவே சராசரியோடு சிதறலையும் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் திட்டவிலக்கம்.

கையாலேயே போட்டுவிடலாம். 40 டிகிரி எண்கள் ஒவ்வொன்றும் 16-இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள்: −2, 2, −5, 0, 4, 1. இவற்றை அப்படியே கூட்டினால் சுழியம்தான் வரும், எப்போதும் அப்படித்தான் வரும். ஆகவே ஒவ்வொன்றையும் வர்க்கமாக்குகிறோம்: 4, 4, 25, 0, 16, 1. கூட்டினால் 50. அதை 5-ஆல் வகுத்தால் 10. அதன் வர்க்கமூலம் 3.2. இதுதான் 40 டிகிரி வில்லைகளின் திட்டவிலக்கம். 50 டிகிரிக்கு இதே வேலையைச் செய்தால் வர்க்கங்களின் கூட்டல் 60, வகுத்தால் 12, திட்டவிலக்கம் 3.5.

வில்லைகள் ஆறு இருக்க, ஏன் 5-ஆல் வகுத்தோம்? விலகல்களை நாம் அளந்தது இந்த ஆறு வில்லைகளின் சொந்தச் சராசரியிலிருந்து. உலகத்து பீட்ரூட் வில்லைகளுக்கெல்லாம் பொதுவான உண்மைச் சராசரி எதுவென்று நமக்குத் தெரியாது. சொந்தச் சராசரி தன் எண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நெருங்கி நிற்கும், அதனால் சிதறல் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும். ஒன்று குறைத்து வகுப்பது அந்தக் குறையை ஈடுகட்டத்தான். எக்செல் பயன்படுத்துபவர்கள் `STDEV.S` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பக்கத்திலேயே இருக்கும் `STDEV.P` ஆறால் வகுத்துவிடும்.

அடுத்தது வரைபடம். இரண்டு பட்டைகள் வரைந்து, அவற்றின் தலையில் ஐ என்ற ஆங்கில எழுத்தைப் போல மேலும் கீழும் நீளும் ஒரு கோடு போடுவார்கள். அதுதான் பிழைப்பட்டை. பெயரைப் பார்த்து யாரோ செய்த பிழையைக் காட்டுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கோட்டின் நீளம் எதைக் குறிக்கிறது என்பதில் ஒரே வழக்கம் கிடையாது என்பதுதான் பெரிய தலைவலி. ஒருவர் திட்டவிலக்கத்தைப் போடுவார், ஒருவர் திட்டப்பிழையைப் போடுவார், இன்னொருவர் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைப் போடுவார். மூன்றும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

நம் எண்களுக்குத் திட்டவிலக்கத்தைப் பிழைப்பட்டையாகப் போட்டுப் பார்ப்போம். 40 டிகிரியின் கோடு ஏறக்குறைய 12.8-இலிருந்து 19.2 வரை நீளும். 50 டிகிரியின் கோடு 17.5-இலிருந்து 24.5 வரை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. "பிழைப்பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, ஆகவே வித்தியாசம் உண்மையல்ல" என்று எத்தனையோ செய்முறைக் குறிப்பேடுகளில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். நிறைய வகுப்பறைகளில் அப்படித்தான் சொல்லித்தரவும் செய்கிறார்கள். அது தவறு. திட்டவிலக்கம் சொல்வது ஒரு வில்லைக்கும் இன்னொரு வில்லைக்கும் உள்ள வேறுபாட்டை. நாம் ஒப்பிட விரும்புவதோ சராசரிகளை. வில்லைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு கலந்து கிடந்தாலும் சராசரிகள் தெளிவாகப் பிரிந்து நிற்க முடியும். ஆண்களின் உயரமும் பெண்களின் உயரமும் அப்படித்தானே இருக்கின்றன.

சராசரி எவ்வளவு உறுதியானது என்று கேட்டால் விடை சொல்வது திட்டப்பிழை. இதே சோதனையைப் புதிய ஆறு வில்லைகளோடு திரும்பத் திரும்பச் செய்தால் ஒவ்வொரு முறையும் சராசரி கொஞ்சம் நகரும். அந்த நகர்வின் அளவுதான் திட்டப்பிழை. திட்டவிலக்கத்தை வில்லைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைத்துவிடும். ஆறின் வர்க்கமூலம் 2.45. ஆகவே 40 டிகிரிக்கு 1.3, 50 டிகிரிக்கு 1.4. இந்த அளவில் பிழைப்பட்டை போட்டால் ஒன்று 17.3-இல் முடிகிறது, மற்றது 19.6-இல் தொடங்குகிறது. நடுவே நல்ல இடைவெளி. எண்கள் அவையே, கோடுதான் மாறியது, பார்ப்பவரின் முடிவும் மாறிவிடுகிறது. வித்தியாசத்தைப் பெரிதாகக் காட்ட ஆசைப்படுபவர்களுக்குத் திட்டப்பிழை மேல் ஒரு தனிப் பிரியம் இருப்பதும் இதனால்தான்.

செல் உயிரியலின் ஆய்விதழ்களிலேயே இந்தக் குழப்பம் பெரிதாக இருந்ததால், 2007-இல் கம்மிங், ஃபிட்லர், வாக்ஸ் என்ற மூவர் அத்துறையின் முக்கிய இதழ்களில் ஒன்றான 'ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி'யில் பிழைப்பட்டைகளைப் பற்றியே தனிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. பட்டை எதைக் குறிக்கிறது, எத்தனை மாதிரிகள் என்ற இரண்டையும் படத்தின் கீழே எழுதுங்கள் என்பது அதில் அவர்கள் வற்புறுத்திய முதல் விஷயங்கள். கோடுகள் தொடுகின்றனவா என்று கண்ணால் பார்ப்பது ஒரு குத்துமதிப்புதான். திட்டப்பிழைக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் வித்தியாசம் உறுதியில்லை என்று சொல்லிவிடலாம். அவை ஏறாமல் பிரிந்து நின்றால், அதை மட்டும் வைத்து உறுதி என்று சொல்லிவிட முடியாது. அதற்குக் கணக்குப் போட்டாக வேண்டும்.

அந்தக் கணக்குதான் டி-சோதனை. அது பிறந்தது ஒரு மதுபான ஆலையில். வில்லியம் சீலி காசெட் என்பவர் 1899-இல் டப்ளின் நகரின் கின்னஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட் இவற்றோடுதான் அவருடைய அன்றாடம். அவர் வெளியிட்ட முதல் கட்டுரை 1907-இல் வந்தது. நுண்ணோக்கியின் கீழே கட்டம் போட்ட கண்ணாடியில் ஈஸ்ட் செல்களை எண்ணும்போது எவ்வளவு தவறு நேரும் என்பதே அதன் பொருள். அடுத்த ஆண்டு, 1908-இல், சிறிய மாதிரிகளை வைத்துச் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்ற கட்டுரை வந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதுவதை ஆலை அனுமதிக்காததால் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். மாணவர்களுக்கான சோதனை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கும் 'ஸ்டூடண்ட்ஸ் டி-டெஸ்ட்' என்ற பெயர் வந்த வழி இதுதான்.

காசெட்டுக்கு முன்பிருந்த கணக்குகள் நூற்றுக்கணக்கான அளவுகள் கையிலிருந்தால்தான் சரியாக வேலை செய்தன. ஆலையில் நான்கைந்து அளவுகளை வைத்து முடிவெடுத்தாக வேண்டும். அளவுகள் குறைவாக இருக்கும்போது சராசரி மட்டுமல்ல, திட்டவிலக்கமும் குத்துமதிப்புதான் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். தன் சூத்திரம் சரியா என்று பார்க்க அவர் செய்தது ரசிக்கத்தக்கது. 3000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரலின் நீளமும் முன்பே பதிவாகி வெளிவந்திருந்தன. அந்த அளவுகளை அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 சிறு மாதிரிகளாக்கினார். ஒவ்வொன்றின் சராசரியும் உண்மைச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளிப்போகிறது என்று பார்த்துத் தன் சூத்திரத்தோடு ஒப்பிட்டார். கணினி இல்லாத காலத்தில் கையாலேயே செய்த கணினி வேலை அது. இன்று நாம் பயன்படுத்தும் 't' வடிவத்துக்கு அதைப் பின்னர் கொண்டுவந்தவர் ரொனால்ட் ஃபிஷர்.

சோதனையின் சாரம் ஒரே ஒரு வகுத்தல். மேலே இரண்டு சராசரிகளின் வித்தியாசம், கீழே அந்த வித்தியாசம் தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு. நமக்கு மேலே இருப்பது 21 − 16 = 5. கீழே வருவதற்கு, முன்பு வர்க்கமூலம் எடுப்பதற்கு முந்தைய எண்களான 10-ஐயும் 12-ஐயும் தனித்தனியே 6-ஆல் வகுத்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 22-ஐ 6-ஆல் வகுத்தால் 3.67, வர்க்கமூலம் 1.91. ஐந்தை 1.91-ஆல் வகுத்தால் 2.61. அதாவது, நாம் கண்ட வித்தியாசம் தற்செயல் ஆட்டத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல்.

இது போதுமா? அதற்கு ஓர் அட்டவணை உண்டு. மொத்தம் 12 அளவுகள், அவற்றிலிருந்து இரண்டு சராசரிகள் எடுத்தாயிற்று, எனவே 12-இல் 2 போக 10 என்ற வரியைப் பார்க்க வேண்டும். 5 சதவீத நிரலில் அங்கே 2.228 என்று இருக்கும். நமது 2.61 அதைத் தாண்டிவிட்டது. கணினியைக் கேட்டால் 'p' மதிப்பு சுமார் 0.026 என்று சொல்லும். திட்டவிலக்கப் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தும் வித்தியாசம் தேறிவிட்டது.

அந்த 0.026 என்ன சொல்கிறது என்பதில்தான் படித்தவர்களும் வழுக்குகிறார்கள். "வித்தியாசம் தற்செயலாக இருக்க 2.6 சதவீதம்தான் வாய்ப்பு" என்று அதற்குப் பொருள் இல்லை. 40 டிகிரிக்கும் 50 டிகிரிக்கும் கசிவில் உண்மையில் வேறுபாடே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். அப்படிப்பட்ட உலகத்தில் இந்தச் சோதனையைப் பல முறை செய்தால், இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ நூற்றுக்கு 2.6 தடவைதான் வரும். எண் சொல்வது அவ்வளவுதான். 5 சதவீதம் என்ற எல்லையும் இயற்கை போட்டதல்ல. 1925-இல் வந்த தன் நூலில் ஃபிஷர் வசதிக்காகச் சொன்னது பழக்கமாகிவிட்டது. 0.049 வந்தால் கொண்டாடுவதும் 0.051 வந்தால் சோர்ந்துபோவதும் அர்த்தமற்றவை.

எல்லையைத் தாண்டாவிட்டால்? ஒவ்வொரு வெப்பநிலையிலும் மூன்று வில்லைகள்தான் வைத்தோம், ஆனால் அதே சராசரி, அதே சிதறல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 22-ஐ இப்போது 3-ஆல் வகுக்க வேண்டும், கீழ் எண் 2.71 ஆகிவிடும், 't' 1.85-க்கு இறங்கிவிடும். அட்டவணையில் தாண்ட வேண்டிய எண்ணோ 2.776-க்கு ஏறிவிடும். சோதனை தேறாது. பீட்ரூட் மாறவில்லை, வெப்பம் மாறவில்லை, நாம் வைத்த வில்லைகள்தான் குறைவு. ஆகவே இங்கே "வித்தியாசம் இல்லை" என்று எழுதக் கூடாது. "இத்தனை வில்லைகளை வைத்துச் சொல்ல முடியவில்லை" என்பதே சரி.

இதுவரை போட்ட கணக்கில் ஒரு கேள்வியை நாம் கேட்கவே இல்லை. அந்த வில்லைகள் எங்கிருந்து வந்தன? என் பார்வையில், இந்தச் செய்முறையில் சூத்திரத்தைவிடவும் முக்கியமான இடம் இது. டி-சோதனைக்கு எண்கள்தான் தெரியும், பீட்ரூட் தெரியாது.

ஒரு குழு இப்படிச் செய்தது என்று வையுங்கள். ஒரு பீட்ரூட்டை எடுத்து ஆறு வில்லை வெட்டி 40 டிகிரியில் போட்டார்கள். அது தீர்ந்துபோனதால் இன்னொரு பீட்ரூட்டை எடுத்து ஆறு வில்லை வெட்டி 50 டிகிரியில் போட்டார்கள். எண்கள் மேலே கண்டவைதான், 't' 2.61-தான். ஆனால் அது சொல்வது, இந்த பீட்ரூட் வில்லைகளின் நிறமும் அந்த பீட்ரூட் வில்லைகளின் நிறமும் வேறு என்பதை மட்டுமே. காரணம் வெப்பமாகவும் இருக்கலாம், இரண்டாவது பீட்ரூட்டில் சாயம் இயல்பிலேயே கூடுதலாகவும் இருக்கலாம். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் உண்மையில் கையிலிருப்பது ஒரே ஒரு மாதிரிதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே பானைக்குத்தான். பக்கத்துப் பானையைப் பற்றி அந்தச் சோறு ஒன்றும் சொல்லாது.

இதைவிட மோசமான இன்னொரு வழி இருக்கிறது. ஆறு குழாய்களை அளந்தவர், துல்லியத்துக்காக ஒவ்வொரு குழாயையும் கலரிமீட்டரில் மூன்று தடவை வைத்து அளக்கிறார். அது நல்ல பழக்கம்தான். பிறகு அந்த 18 எண்களையும் 18 மாதிரிகளாக எண்ணிக் கணக்கில் போட்டுவிடுகிறார். மூன்று அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்திருக்கும் என்பதால் புதிய தகவல் எதுவும் சேரவில்லை. ஆனால் வகுக்கும் எண் 6-இலிருந்து 18 ஆகிவிட்டது, 't' 2.6-இலிருந்து 4.8-க்குத் தாவிவிடுகிறது. ஒரு பொத்தானை மூன்று தடவை அழுத்தியதற்குக் கிடைத்த உறுதி இது. திரும்ப அளந்தவற்றின் சராசரியை எடுத்து, குழாய்க்கு ஓர் எண் என்றுதான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதற்குப் போலி மாதிரிப்பெருக்கம் என்று பெயர் வைக்கலாம். சூழலியல் சோதனைகளில் இது மலிந்துகிடப்பதை ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-லேயே எடுத்துக்காட்டினார். செல் ஆய்வில் இதற்கான சபலம் இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே எண்ணிக்கைக்குப் பஞ்சமே கிடையாது. வெங்காய வேர்நுனியின் ஒரே ஸ்லைடில் ஐந்நூறு செல்களை எண்ணிவிடலாம். ஐந்நூறை மாதிரி எண்ணிக்கையாகப் போட்டால் எந்தச் சின்ன வித்தியாசமும் டி-சோதனையில் தேறிவிடும். ஆனால் நாம் மருந்து வைத்ததோ வெப்பம் ஏற்றியதோ ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியாக அல்ல, ஒரு வேருக்குத்தான். ஆகவே எண்ண வேண்டியது வேர்களை. இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: நாம் செய்த மாற்றம் எந்த அலகுக்குத் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தது? அந்த அலகுகளின் எண்ணிக்கைதான் மாதிரி எண்ணிக்கை.

அப்படியானால் நம் பன்னிரண்டு வில்லைகளை எப்படி வெட்டியிருக்க வேண்டும்? ஆறு பீட்ரூட்கள் வாங்க வேண்டும். ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்தடுத்து இரண்டு வில்லைகள் எடுத்து, எது எந்த வெப்பநிலைக்குப் போவது என்று நாணயத்தைச் சுண்டி முடிவு செய்ய வேண்டும். குழாய்களுக்கெல்லாம் தனித்தனியே நேரம் பார்க்க வேண்டும். 40 டிகிரிக் குழாய்களை முழுவதும் அளந்து முடித்துவிட்டு 50 டிகிரிக்குப் போகாமல், மாற்றி மாற்றி அளக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் கடைசியாக நிற்கும் குழாய்களில் வில்லை கூடுதல் நேரம் ஊறிச் சாயம் விடும். அதை வெப்பத்தின் வேலை என்று நாம் எழுதிவைப்போம்.

மேலே எழுதிய இரண்டு வரிசைகளையும் இப்படி வெட்டியதாகவே வைத்துக்கொண்டு செங்குத்தாகப் படியுங்கள். முதல் பீட்ரூட் 14-இலிருந்து 18-க்குப் போயிருக்கிறது. இரண்டாவது 18-இலிருந்து 24. மூன்றாவது 11-இலிருந்து 17. ஆறு பீட்ரூட்களின் உயர்வு முறையே 4, 6, 6, 5, 6, 3. ஒன்றுகூட இறங்கவில்லை. முன்பு நம்மைக் குழப்பிய, 50 டிகிரியில் 17 மட்டுமே காட்டிய வில்லை மூன்றாவது பீட்ரூட்டுடையது. அது இயல்பிலேயே வெளிறிய பீட்ரூட், 40 டிகிரியில் 11-தான் காட்டியது. 40 டிகிரியிலேயே 20 காட்டிய வில்லை ஐந்தாவதுடையது, அது 50 டிகிரியில் 26-க்கு ஏறியிருக்கிறது. நாம் சிதறல் என்று நினைத்ததில் பெரும்பகுதி பீட்ரூட்டுக்கு பீட்ரூட் உள்ள வேறுபாடு.

இணைகளாக எடுத்த அளவுகளுக்கு டி-சோதனையில் தனி வடிவம் உண்டு. ஆறு உயர்வுகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட வேண்டும். அவற்றின் சராசரி 5. விலகல்கள் −1, 1, 1, 0, 1, −2. வர்க்கங்களின் கூட்டல் 8, ஐந்தால் வகுத்தால் 1.6, திட்டவிலக்கம் 1.26, திட்டப்பிழை 0.52. சராசரியான ஐந்தை இதனால் வகுத்தால் 't' 9.7. ஆறு இணைகளில் ஒன்று போக 5 என்ற வரியில் தாண்ட வேண்டிய எண் 2.571 மட்டுமே. எக்செல்லில் இரண்டு வடிவத்துக்கும் ஒரே கட்டளைதான், கடைசி எண் மட்டும் மாறும்:

```
=T.TEST(B2:B7,C2:C7,2,2)
=T.TEST(B2:B7,C2:C7,2,1)
```

முதல் வரி இணையில்லாத சோதனை, சுமார் 0.026 தரும். இரண்டாவது இணைச் சோதனை, சுமார் 0.0002 தரும். எண்கள் ஒன்றே என்பதால் இரண்டையும் போட்டுப் பார்த்து, நல்ல விடையை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. வெட்டும்போதே இணையாக வெட்டியிருந்தால்தான் கடைசியில் 1 போடலாம். மூன்றாவது எண்ணான 2, கசிவு கூடினாலும் குறைந்தாலும் கவனிக்கிறோம் என்பதைக் குறிக்கிறது. முடிவைப் பார்த்துவிட்டு அதை 1 ஆக்கினால் 'p' பாதியாகிவிடும், ஆசிரியர்கள் கண்டுபிடிக்க வேண்டிய பழைய தந்திரங்களில் இதுவும் ஒன்று. இரண்டு குழுக்களின் சிதறல் மிகவும் மாறுபட்டிருந்தால் கடைசி எண்ணாக 3 போட வேண்டும். 70 டிகிரியை 40 டிகிரியோடு ஒப்பிடும்போது அந்தத் தேவை வரும், ஏனென்றால் கசிவு கூடினால் சிதறலும் சேர்ந்து கூடும்.

ஐந்து வெப்பநிலைகள் வைத்தவர்கள் இரண்டிரண்டாக டி-சோதனை போடத் தொடங்குவார்கள். ஐந்தில் பத்து இணைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் பொய்யாகத் தேறும் வாய்ப்பு இருக்கும்போது, பத்தில் ஏதாவது ஒன்று பொய்யாகத் தேறுவது பெரிய அதிசயமில்லை. எந்த இரண்டு வெப்பநிலைகளை ஒப்பிடப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால் இந்த வம்பு இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு வேறு முறை உண்டு, அது மாறுபாட்டுப் பகுப்பாய்வு.

டி-சோதனைக்குக் கண் தெரியாத இடமும் உண்டு. 50 டிகிரி வில்லைகளை யாரோ சரியாகக் கழுவவில்லை என்றால் ஆறு குழாயும் ஒரே பக்கம் சாயும், சிதறல் கூடாது, 't' அழகாகப் பெரிதாகும். கலரிமீட்டரைக் காய்ச்சி வடித்த நீரில் சுழியத்துக்குக் கொண்டுவராமல் பாதி குழாய்களை அளந்தாலும் அதே கதைதான். இவற்றைக் கண்டுபிடிக்கச் சூத்திரம் உதவாது. வில்லை போடாத குழாய் ஒன்றை ஒவ்வொரு வெப்பநிலையிலும் வைத்திருந்தால் கருவியின் கோளாறு தெரிந்துவிடும். கழுவியதும் வெப்பமேற்றாத வில்லை ஒன்றை அளந்தால் கழுவலின் கோளாறு தெரிந்துவிடும்.

கடைசியாக, படத்தின் கீழே எழுத வேண்டிய வரி. இணையாகச் செய்த சோதனைக்கு இரண்டு பட்டைகளும் அவற்றின் பிழைக்கோடுகளும் உண்மையில் போதாது. பீட்ரூட்டுக்கு பீட்ரூட் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துக் காட்டி அவை வித்தியாசத்தை மங்கலாக்கிவிடும். ஆறு பீட்ரூட்களுக்கும் 40-இலிருந்து 50-க்கு ஆறு கோடுகள் இழுத்துவிடுவது மேல். ஆறும் மேல்நோக்கிச் சாய்வதைப் பார்ப்பவர் தானே காண்பார். உயர்வு எவ்வளவு என்பதையும் ஓர் எல்லையோடு சொல்லிவிடலாம். திட்டப்பிழை 0.52-ஐ 2.571-ஆல் பெருக்கினால் 1.3. பழைய தசமப் புள்ளிக்குத் திரும்பினால், உயர்வு 0.05, அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.037-இலிருந்து 0.063 வரை. இணையில்லாத கணக்கில் இதே இடைவெளி 0.007-இலிருந்து 0.093 வரை பரந்துகிடந்திருக்கும். ஆகவே குறிப்பேட்டில் இப்படி எழுதலாம்: "ஒவ்வொரு கோடும் ஒரு பீட்ரூட், ஆறு பீட்ரூட்கள், ஒவ்வொரு குழாயும் மூன்று முறை அளந்த சராசரி, இணை டி-சோதனை, t = 9.7, p < 0.001."